தர்மபுரியிலிருந்து புனே வரை ரயில்: நடுவில் மூடி வைத்தாலும் பிடி நழுவாத புத்தகம் எது?

பாலக்கோடு செல்வி

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் புனே போகிறோம். கோவையிலிருந்து மும்பை குர்லா போகும் வண்டியில் தர்மபுரியில் ஏறினால் மறுநாள்தான் இறங்குவோம். ஸ்லீப்பரில்தான் இடம் கிடைத்தது. கூடவே என் நாலு வயதுப் பையன். அவன் தூங்கும் நேரம், அப்பாவோடு வாசல் பக்கம் போய் வேடிக்கை பார்க்கும் நேரம், இவைதான் எனக்குப் படிக்கக் கிடைக்கும். பத்து நிமிடம் படித்தால் நடுவில் டீ, சமோசா, டிக்கெட் பரிசோதகர், பெங்களூரில் ஏறும் கூட்டம், மறுபடி பையன்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க நல்ல நாவல்கள் நிறைய இருக்கின்றன. அது வேறு கணக்கு. இப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்கு எந்த மாதிரிப் புத்தகம் சரிப்படும்? பெயரை மட்டும் சொல்லாமல், கடையிலோ நூலகத்திலோ கையில் எடுத்துப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னால் நல்லது. மாவட்ட நூலகத்தில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

அரூர் வாத்தியார்

இதற்கு யோசிக்கவே வேண்டாம் அம்மா. சிறுகதைத் தொகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதை பத்துப் பக்கம். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் முடிந்துவிடும். முடிந்த கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அடுத்ததை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். நாவல் எல்லாம் வீட்டுக்குத்தான்.

மாந்தோப்பு

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். நான் தினமும் பெங்களூர் பேருந்தில் போய் வருபவன். பத்து வரி படித்தாலே எனக்குத் தலை சுற்றிக் குமட்டும். சூளகிரி தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடுவேன். அதனால் காதில் கேட்கும் ஒலிப்புத்தகம்தான் என் பரிந்துரை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

பாலக்கோடு செல்வி

நன்றிங்க மாந்தோப்பு. ரயிலில் எனக்குத் தலை சுற்றுவதில்லை. ஒலிப்புத்தகம் கேட்டால் பையன் கூப்பிடுவது காதில் விழாது, அதுதான் பயம்.

வாத்தியார் ஐயா, சிறுகதை நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கதைக்குள் நுழைந்து, யார் யார் என்று பிடிபடும் நேரத்தில் எழுப்பிவிட்டால்?

பழைய நூலகர்

செல்வி, உங்கள் கடைசி வரியிலேயே விஷயம் இருக்கிறது. நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் பயணத்துக்கென்று புத்தகம் கேட்டு வருபவர்களிடம், திருப்பித் தரும்போது "முடித்தீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். சிறுகதைத் தொகுப்பை முழுதாகப் படித்துவிட்டு வந்தவர்கள் குறைவு. இரண்டு மூன்று கதையோடு நிறுத்தியவர்களே அதிகம்.

வாசகருக்கு அதிகக் கவனம் தேவைப்படுவது கதையின் தொடக்கத்தில். இது எந்த ஊர், பேசுவது யார், இவர்களுக்குள் என்ன உறவு, எந்தக் காலம் என்று எல்லாவற்றையும் முதல் இரண்டு பக்கத்தில் பிடித்தாக வேண்டும். நாவலில் அந்தச் சிரமம் ஒரே ஒரு தடவை. பன்னிரண்டு கதைத் தொகுப்பில் பன்னிரண்டு தடவை. அதிலும் நல்ல சிறுகதை ஒரு வரியையும் வீணாக்காது. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் கடைசிப் பத்தியைத் திறக்கும். இடையில் ஒரு டிக்கெட் பரிசோதகர் வந்து போனால் அந்த வரி போய்விடும், முடிவு தட்டையாகத் தெரியும். வாத்தியார் சொல்வது யாரும் எழுப்பாத அரை மணி நேரம் உறுதியாகக் கிடைப்பவருக்குச் சரி.

என் சிபாரிசு, வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமானவை. அவை தொடக்கத்திலிருந்தே இடையூறுக்காகக் கட்டப்பட்டவை. ஒரு அத்தியாயம் படித்தவர் அடுத்ததைப் படிக்க ஏழு நாள் ஆகும் என்று தெரிந்துதான் எழுத்தாளர் எழுதினார். அதனால் அத்தியாயம் சின்னதாக இருக்கும். முதல் பத்தியிலேயே யார், எங்கே என்பது வந்துவிடும். ஒரு பாத்திரம் கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தால், அவர் இன்னார் என்று பேச்சோடு பேச்சாக நினைவூட்டிவிடுவார். கடைசி வரியில் ஒரு கேள்வி நிற்கும்.

தொப்பூர் கணவாய்

ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் தொடர்கதைகளில் "முன்கதைச் சுருக்கம்" என்று பெட்டி கட்டிப் போடுவார்களே, அது புத்தகத்தில் இருக்காதே? அப்புறம் எப்படி நினைவூட்டும்?

பழைய நூலகர்

நல்ல கேள்வி தம்பி. அந்தப் பெட்டி பத்திரிகை போட்டது, புத்தகமாகும்போது எடுத்துவிடுவார்கள். எழுத்தாளரே கதைக்குள் நெய்து வைத்த நினைவூட்டல் மட்டும்தான் மிஞ்சும். அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. பெட்டியை நம்பி எழுதியவர்களின் கதை புத்தகத்தில் கொஞ்சம் குழப்பும். கல்கி இதில் கெட்டிக்காரர். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அத்தனை பாத்திரங்கள் இருந்தும், ஒருவர் திரும்ப வரும்போது அவரைக் கடைசியாக எங்கே விட்டோம் என்று வாசகரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒரே மூச்சில் உட்கார்ந்து படித்தால் இந்த நினைவூட்டல்கள் அலுப்புத் தட்டும். ஒவ்வொரு அத்தியாயமும் தொங்கலில் முடிவதும் சலிக்கும். இடைவெளி விட்டுப் படிக்கத்தான் அவை.

அரூர் வாத்தியார்

பதிமூன்று வயதில் படித்த பொன்னியின் செல்வனையா ரயிலில் படிக்கச் சொல்கிறீர்கள்? செல்வி அதை எப்போதோ படித்திருப்பார்.

பழைய நூலகர்

படித்திருந்தால் அது இன்னும் வசதி ஐயா, பாதிச் சிரமம் குறைந்தது. ஆனால் செல்விக்கு நான் நினைத்தது அதில்லை. உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். 1940இலிருந்து 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த தன்வரலாறு. அவர் காலமானதால் 122 அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பு உண்டு, உள்ளே குட்டிக் குட்டி உபதலைப்புகளும் உண்டு. ஒரு அத்தியாயத்தில் பாடம் சொல்ல ஆள் தேடி ஊர் ஊராக அலைவார்கள். இன்னொன்றில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வார். சதி, துப்பு, ரகசியம் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். பேசுவது எப்போதும் ஒரே ஆள். எங்கே திறந்தாலும் "நான்" என்றால் அது அவர்தான். துண்டு துண்டாகப் படிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது இரண்டு பையன்கள் சத்தம் போடும் பெட்டியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஊத்தங்கரை நாடோடி

ஐயா, புத்தகத்தை மதிக்கிறேன், ஆனால் அது கையில் பிடித்துப் படிக்கக் கனமான புத்தகமாயிற்றே. மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு தூக்கிப் பிடிக்க முடியாது.

பழைய நூலகர்

உண்மை. கெட்டி அட்டைப் பதிப்பு வேண்டாம். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பகுதி பகுதியாக இலவசமாகக் கிடைக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். பொன்னியின் செல்வன் என்றாலும் ஐந்து பாகத்தையும் சுமக்க வேண்டியதில்லை. முதல் பாகமான புது வெள்ளம் மட்டும் 57 அத்தியாயம். போய்ச் சேருவதற்குள் தீராது.

பாலக்கோடு செல்வி

ரொம்ப நன்றி ஐயா. பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் நூலகத்தில் அது இல்லாவிட்டால்? அலமாரி முன்னால் நின்று வேறு ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய நூலகர்

அலமாரி முன்னால் இரண்டு விஷயம் பார்க்கலாம். முதலில் பொருளடக்கம். அத்தியாயங்கள் ஆறிலிருந்து பத்துப் பக்கத்துக்குள் இருக்கின்றனவா என்று பக்க எண்களைக் கழித்துப் பாருங்கள். சாதாரண அச்சில் எட்டுப் பக்கம் என்றால் கால் மணி நேரம். ரயிலில் ஒரு இடையூறுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அதுதான் கிடைக்கும். நாற்பது பக்கம் ஒரே அத்தியாயமாக ஓடினால் வேண்டாம்.

இரண்டாவது, நடுவில் எங்காவது திறந்து ஒரு பக்க உரையாடலைப் பாருங்கள். பேசுபவர் பெயர் பக்கத்தில் இரண்டு மூன்று தடவையாவது வருகிறதா? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றை வைத்தே ஓட்டலாம். "சொன்னான்", "சிரித்தான்" என்று போய்க்கொண்டே இருக்கும். தொடர்ந்து படிப்பவருக்கு அது அழகு. விட்ட இடத்தில் மறுபடி நுழைபவருக்கு எந்த "ஆன்" என்றே தெரியாது, இரண்டு பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

இதில் தேறியவற்றில் மூன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் முதல் இருபது பக்கம் படித்து, ஒரு அத்தியாயத்தின் நடுவில் நிறுத்திவிடுங்கள். சமையல், துணி, ஏதாவது வேலையில் அரை மணி நேரம் போகட்டும். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து ஐந்தே வரி படியுங்கள். யார், எங்கே, என்ன வேண்டும் என்று நிற்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால் அது ரயிலுக்கு. கண் தானாக ஒரு பக்கத்துக்கு மேல் பின்னால் போனால் அது வீட்டுக்கு. நல்ல புத்தகமா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொப்பூர் கணவாய்

துப்பறியும் கதை எப்படி ஐயா? விறுவிறுப்பாக இழுத்துப் போகுமே.

பழைய நூலகர்

இரண்டு வகை இருக்கிறது. துரத்தல், தப்பித்தல் என்று ஓடும் கதை தாங்கும். இப்போது ஆபத்து எங்கே என்பது மட்டும் தெரிந்தால் போதும். கொலையாளி யார் என்று ஏழு பேர்மேல் சந்தேகம் வைக்கும் கதை தாங்காது. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பதுதான் கதையே. குண்டக்கல்லில் விட்டதை சோலாப்பூரில் எடுத்தால் ஒன்றும் ஒட்டாது.

மத்தூர் மருமகள்

இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மாதிரிக் கதைதான் எனக்கு ரயிலில் பிடித்தது. ஒரு அஞ்சல் அட்டையைப் புத்தகக் குறியாக வைத்துக்கொள்வேன். புதுப் பெயர் வரும்போதெல்லாம் அதில் பென்சிலால் பெயரும் ஒரு சொல்லும்: "தம்பி, கடன்", "சமையல்காரர், பொய்". திரும்பத் திறக்கும்போது அட்டையை ஒரு பார்வை பார்த்தால் போதும். இன்னொன்று, எழுப்பினால் உடனே மூட மாட்டேன். அந்தப் பத்தியை முடித்து, ஓரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் நிமிர்வேன். திரும்ப வரும்போது கோட்டுக்கு மேலே இருக்கும் ஒரு பத்தியிலிருந்து படிப்பேன்.

பழைய நூலகர்

அட்டை நல்ல வழி அம்மா, மறுக்கவில்லை. நூலகப் புத்தகத்தில் மட்டும் கோடு வேண்டாம், ஒட்டுச் சீட்டு வையுங்கள். ஆனால் மடியில் நாலு வயதுப் பையன் இருக்கும்போது பென்சிலும் அட்டையும் கையில் நிற்குமா என்பதைச் செல்விதான் சொல்ல வேண்டும்.

அரூர் வாத்தியார்

நிறுத்தும் இடம் பற்றி ஒன்று. அத்தியாயம் முடித்துவிட்டு மூடக் கூடாது, பாதியில்தான் மூட வேண்டும். செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927இலேயே வெளியிட்டிருக்கிறார், முடிக்காத வேலைதான் மனதில் நிற்கும்.

மத்தூர் மருமகள்

அந்தச் சோதனையைப் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது எல்லாரிடமும் அதே முடிவு வரவில்லை என்று நானும் படித்திருக்கிறேன் சார். விட்டதைத் தொடர வேண்டும் என்ற அரிப்பு இருக்கும், அது உண்மை. ஆனால் தொடர ஆசை இருப்பது வேறு, விட்ட இடம் நினைவிருப்பது வேறு. எனக்கு அத்தியாயம் முடிந்த இடம்தான் நிம்மதி.

அரூர் வாத்தியார்

எனக்குப் பாதியில்தான். என் பிள்ளைகளிடமும் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

ஊத்தங்கரை நாடோடி

விமானம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஜெர்மனியில் வேலை, பெங்களூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம். ரயிலும் விமானமும் ஒன்றில்லை. ரயிலில் இடையூறு நாள் முழுக்கச் சிதறி வரும். விமானத்தில் எல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில் குவிந்து வரும்: அறிவிப்பு, பானம், சாப்பாடு, தட்டு எடுக்க வருபவர். அப்புறம் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஐந்தாறு மணி நேரம் பெரும்பாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் மட்டும் உள்ளே இருப்பவர் எழும்போதெல்லாம் நாமும் எழ வேண்டும், அதனால் நான் ஜன்னல்தான் கேட்பேன்.

அந்த இருட்டு நேரத்துக்கு நூலகர் ஐயாவின் கணக்கு தலைகீழ். அங்கே சிறுகதை எடுபடும். வாடிவாசல் மாதிரி ஒரே மூச்சில் ஓடும் குறுநாவல் அதற்கென்றே எழுதியது போல் இருக்கும். ஆனால் தூக்கக் கலக்கம் இருக்கும், கண் காய்ந்து எரியும், அதனால் எழுத்துப் பெரிதாக வேண்டும். தலைக்கு மேல் விளக்கைப் போட்டால் பக்கத்தில் தூங்குபவர் முகத்திலும் அடிக்கும். நான் போனில் கருப்புப் பின்னணியில் படிக்கிறேன். பிடிஎப் மட்டும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியும் தானாக மடங்கும் கோப்பாகப் பார்த்து, வீட்டிலேயே இறக்கி, வலை இணைப்பை அணைத்துவிட்டு ஒரு தடவை திறந்து பாருங்கள். சிலவற்றை மேலே போனபிறகு திறக்க முடியாது.

மாந்தோப்பு

போனில் படித்தால் வாட்ஸ்அப் செய்தி வராதா? அதைவிடப் பெரிய இடையூறு ஏது?

ஊத்தங்கரை நாடோடி

விமானத்தில் வராதுங்க, பறக்கும் நிலையில்தானே போட்டிருப்போம். ரயிலில் வரும். அதற்குக் காகிதம்தான் மேல், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

பாலக்கோடு செல்வி

எல்லோருக்கும் நன்றி. இன்று ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன், என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

நூலகத்தில் என் சரித்திரம் இரவல் போயிருக்கிறது. அதனால் மூன்று புத்தகம் எடுத்து வந்தேன். ஒன்று, குடும்ப நாவல், விருது வாங்கியது. இரண்டு, புது வெள்ளம். மூன்று, ஒருவர் நடந்தே ஊர் ஊராகப் போன பயணக் கட்டுரை.

குடும்ப நாவலில் இருபது பக்கம் படித்துவிட்டு களி கிண்டப் போனேன். திரும்பி வந்து ஐந்து வரி படித்தேன். "அவள்" என்று இருந்தது. அம்மாவா, நாத்தனாரா தெரியவில்லை. மூன்று பக்கம் பின்னால் போன பிறகு, அது பத்து வருடத்துக்கு முந்தைய நினைவு என்று புரிந்தது. அருமையான எழுத்து. ஊரிலிருந்து வந்தபிறகு நிதானமாகப் படிப்பேன்.

புது வெள்ளம் வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் பாதி மறந்துவிட்டது. விட்ட இடத்தில் தொட்டதும் வந்தியத்தேவன் எங்கே நிற்கிறான் என்று உடனே தெரிந்தது. அதைவிடவும் பயணக் கட்டுரைதான் ஆச்சரியம். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமம், அங்கே சாப்பாடு கொடுத்தவர், படுத்த திண்ணை, அவ்வளவுதான். பையன் மூன்று தடவை எழுப்பினான், ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. ஆனால் ஒரு பிரச்சினை. எழுப்பாவிட்டாலும் மூடி வைத்துவிடலாம் போல இருந்தது. அடுத்து என்ன என்ற ஆவல் இல்லை.

பழைய நூலகர்

சரியாகப் பிடித்தீர்கள். சுலபமாகத் திரும்ப நுழைய முடிவதும், திரும்ப நுழைய ஆசை வருவதும் இரண்டு தனித்தனி குணம். பயணக் கட்டுரையில் முதலாவது இருக்கும், இரண்டாவது எழுதுபவர் கையில். புது வெள்ளத்தில் இரண்டும் இருக்கிறது. பகலுக்கு அதை வையுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முதல் ஏழெட்டு அத்தியாயம் படித்துவிடுங்கள், கடம்பூர் மாளிகைச் சதிக் கூட்டத்தில் அறிமுகமாகும் பெயர்கள் கொஞ்சம் படியட்டும். அந்தக் கூட்டத்தை ரயிலில் படித்தால் பெயர்கள் கலந்துவிடும்.

மத்தூர் மருமகள்

செல்வி அக்கா, இரவு பத்து மணிக்கு மேல் நடு பெர்த்தைப் போட்டுவிடுவார்கள், விளக்கும் அணைத்துவிடுவார்கள். கீழ் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. அதுவரைக்கும்தான் காகிதப் புத்தகம். பையனை அப்பாவோடு படுக்க வைத்துவிட்டு நீங்கள் மேல் பெர்த்துக்குப் போனால் சின்ன கிளிப் விளக்கு வைத்துப் படிக்கலாம்.

பாலக்கோடு செல்வி

எங்களுக்கு ஒரு கீழ் பெர்த், ஒரு நடு பெர்த். மேல் பெர்த்துக்காரரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படி இடம் கிடைத்தால் அந்த இரவு நேரத்துக்கு வாத்தியார் ஐயாவின் சிறுகதைத் தொகுப்பையும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

அரூர் வாத்தியார்

போடுங்கள். அதையும் பாதியில் மூடிப் பாருங்கள், காலையில் நினைவிருக்கிறதா என்று எழுதுங்கள்.

தொப்பூர் கணவாய்

நூலகர் ஐயா, ஒரு கேள்வி பாக்கி. என் அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. ஜூனில் சேலத்திலிருந்து டெல்லிக்கு இரண்டு இரவு ரயில் பயணம். பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ் நாவல் தர்மபுரியில் எங்கேயாவது கிடைக்குமா? போன் திரை வேண்டாம் என்கிறார்.